வைவாவுக்கு முன் தேதிகளைப் படியுங்கள்

பொறியியல் கல்லூரிகளில் இறுதி ஆண்டு மாணவர்களுக்கு எட்டாவது செமஸ்டர் முழுவதும் புராஜெக்ட்தான். நாலு பேர் வரை ஒரு குழு, அவர்களுக்கு ஒரு கைடு, இடையிடையே ரிவியூக்கள், கடைசியில் வைவா. வைவா அன்று வேறொரு கல்லூரியிலிருந்து வரும் ‘எக்ஸ்டர்னல்’ தேர்வாளர், உள்ளூர்த் தேர்வாளரோடு உட்கார்ந்து அறிக்கையைப் புரட்டுவார். மாணவர்கள் பெரும்பாலும் சூத்திரங்களையும் வரையறைகளையும் படித்துவிட்டு வருவார்கள். அனுபவமுள்ள தேர்வாளரோ முதலில் தேதிகளைத்தான் பார்ப்பார். வேலை உண்மையிலேயே நடந்ததா, யோசித்து நடந்ததா என்று அவருக்குச் சொல்வது அந்தத் தேதிகளே.

சிவில் துறையில் அடிக்கடி எடுக்கப்படும் ஒரு தலைப்பை வைத்தே பார்ப்போம். சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக அனல் மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலைக் கலந்தால் கான்கிரீட்டின் வலிமை என்ன ஆகிறது? உதாரணத்துக்காக ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். எம்25 கான்கிரீட், சாம்பல் 0, 10, 20, 30, 40 சதவீதம் என ஐந்து கலவைகள், மணலுக்கு எம்-சாண்ட். ஒவ்வொரு கலவையிலும் 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒன்பது கியூப்கள் வார்த்து, 7, 28, 56 நாள்களில் மும்மூன்றாக உடைத்துப் பார்ப்பது திட்டம். மொத்தம் 45 கியூப்கள்.

இந்தத் திட்டத்தின் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ‘ஏன்’ உண்டு. ஏன் மூன்று கியூப்? ஒரு மாதிரி என்பது மூன்று கியூப்களின் சராசரி என்கிறது ஐ.எஸ். 456. அதில் எந்த ஒன்றும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது. ஏன் 28 நாள்? எம்25 என்ற பெயரிலுள்ள 25 என்பதே 28-ஆம் நாள் வலிமையைக் குறிப்பது. ஏன் 56? சாம்பல் தானாக இறுகாது. சிமெண்ட் நீரோடு சேரும்போது வெளிவரும் சுண்ணாம்போடு அது மெதுவாக வினைபுரிகிறது. அதனால் சாம்பல் கலந்த கான்கிரீட் தொடக்கத்தில் பின்தங்கி, 28 நாளுக்குப் பிறகும் வலுப்பெற்றுக்கொண்டே போகும். 28-இல் நிறுத்தினால் சாம்பலுக்குப் பாதகமான பாதிக் கதைதான் தெரியும்.

ஏன் ஒரு நாளைக்கு ஒரு கலவை? ஆய்வகத்தில் நல்ல நிலையில் இருப்பவை ஒன்பது மோல்டுகள். இன்று வார்த்ததை மறுநாள்தான் கழற்ற முடியும். ஏன் திங்கள் முதல் வெள்ளி வரை? 7, 28, 56 மூன்றுமே ஏழின் மடங்குகள். திங்களன்று வார்த்தது திங்களன்றுதான் உடைபடும். ஞாயிற்றுக்கிழமை வார்த்துவிட்டால் பூட்டிய ஆய்வகத்தின் முன்னால்தான் நிற்க வேண்டும். திட்டமிட்ட முறையை விளக்கச் சொன்னால் கட்டம் போட்ட அட்டவணையை நீட்டினால் மட்டும் போதாது. அந்தக் கட்டங்கள் ஏன் அந்த இடத்தில் இருக்கின்றன என்பதற்கு இப்படிப்பட்ட காரணங்களைச் சொல்லத் தெரிய வேண்டும்.

இப்போது தாமதத்துக்கு வருவோம். ஜனவரி 27-இல் சாம்பல் வரும், பிப்ரவரி 3 முதல் 7 வரை வார்ப்பது, 56-ஆம் நாள் சோதனை ஏப்ரல் 4-க்குள் முடியும், ஏப்ரல் 11-இல் அறிக்கை கொடுப்பது என்பது குழுவின் கணக்கு. சாம்பல் வந்ததோ பிப்ரவரி 17-இல். வந்த பிறகு போட்ட சோதனைக் கலவை விறைத்துப்போயிற்று. 100 மில்லிமீட்டர் சரிய வேண்டிய கலவை 40 தான் சரிந்தது. காய்ந்த எம்-சாண்ட் உறிஞ்சும் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காததே காரணம். அதைச் சரிசெய்ய இன்னொரு வாரம் போனது. வார்த்தது மார்ச் 3 முதல் 7 வரை. ஆக மொத்தம் நான்கு வாரத் தாமதம். 28-ஆம் நாள் சோதனைகளே மார்ச் 31 முதல் ஏப்ரல் 4 வரை என்று ஆகிவிட்டன. 56-ஆம் நாள் ஏப்ரல் 28-க்குப் போய்விட்டது. அறிக்கை அதற்கு முன்பே கையை விட்டுப் போயிருக்கும்.

கியூரிங் காலத்தைச் சுருக்க வழியில்லை. ஆள் கூட்டினாலும் இரவெல்லாம் விழித்தாலும் 28 நாள் 28 நாள்தான். எந்த வேலையைத் தள்ளினால் கடைசித் தேதியே தள்ளிப்போகுமோ, அந்த வேலை எது என்பது குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே அது சாம்பல் வருவதும் வார்ப்பதும். ரிவியூ ஸ்லைடு தயாரிப்பதோ முன்னாய்வுகளைப் படித்து எழுதுவதோ ஒரு வாரம் தள்ளினால் ஒன்றும் குடிமுழுகாது.

வைவாவில் இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். “சாம்பல் லேட்டா வந்துச்சு மேடம்” என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். தேர்வாளரின் அடுத்த கேள்வி இப்படி இருக்கும்:

“சரி, வரலை. 0 சதவீதக் கலவைக்குச் சாம்பலே வேண்டாமே. அந்த மூணு வாரத்துல அதைப் போட்டிருக்கலாமே?”

கூர்மையான கேள்வி இது. சரியான ஒரு பதிலும் உண்டு: “அஞ்சு கலவையும் ஒரே லாட் சிமெண்ட்ல, ஒரே வாரத்துல போட்டாத்தான் ஒப்பிட முடியும்னு நிறுத்தி வச்சோம் மேடம். ஆனா சாம்பல் இல்லாத சோதனைக் கலவையை அப்பவே போட்டிருக்கலாம். போட்டிருந்தா மணல்ல இருந்த பிரச்சினை முன்னாடியே தெரிஞ்சிருக்கும், ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.” இந்தப் பதிலில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. எது தங்கள் கையை மீறியது, எதைத் தெரிந்தே முடிவெடுத்தார்கள், எது திட்டத்திலேயே இருந்த ஓட்டை என்று பிரித்துச் சொல்லிவிட்டார்கள். நான்கு வாரத்தில் மூன்று வாரம் வெளியிலிருந்து வந்தது. ஒரு வாரம் அட்டவணையில் சோதனைக் கலவைக்கு இடமே ஒதுக்காததால் வந்தது. நான்கையும் சாம்பல்மேல் சுமத்தினால், அறிக்கையில் சாம்பல் வந்த தேதிக்கும் வார்த்த தேதிக்கும் நடுவே இருக்கும் இரண்டு வாரத்தைத் தேர்வாளர் சுட்டிக்காட்டுவார். அதில் தயாரிப்புக்கு என்று முன்பே ஒதுக்கியது ஒரு வாரம்தான்.

அடுத்தது, தாமதம் முடிவுரையை எப்படித் தொட்டது என்பது. 28-ஆம் நாளில் 40 சதவீதக் கலவை இலக்கைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்வோம். வடிவமைப்பில் வைத்த இலக்கு வலிமை, 25 உடன் 1.65 மடங்கு 4-ஐக் கூட்ட, சதுர மில்லிமீட்டருக்கு 31.6 நியூட்டன். “40 சதவீதம் பயன்படாது” என்று எழுதினால் அது தவறு. 56-ஆம் நாள் சோதனை கைவசம் இல்லாத குழு, “28 நாளில் இலக்கைத் தொடவில்லை, பிந்தைய வலிமை இந்த அறிக்கையில் சோதிக்கப்படவில்லை” என்றுதான் எழுத முடியும். தாமதத்தின் விலை இதுதான்: முடிவுரையில் ஒரு வாக்கியம் குறுகிப்போகிறது. அதை மாணவரே முன்வந்து சொல்லிவிட்டால் தேர்வாளர் துருவ வேண்டிய இடம் குறைந்துவிடும்.

தொட்டியில் கிடக்கும் மிச்ச 15 கியூப்களை என்ன செய்வது? வைவா மே முதல் வாரத்தில் என்றால், 56-ஆம் நாள் சோதனையைச் செய்து, ஒரு தனித்தாளில் கொண்டுபோகலாம். அறிக்கை கொடுத்த பிறகு கிடைத்த முடிவு என்று தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். கைடுக்கும் முன்பே காட்டிவிட வேண்டும். வியாழனன்று வார்த்த 30 சதவீதக் கலவைக்கு 56-ஆம் நாள் மே 1, விடுமுறை. மே 2-இல் உடைத்தால் 57 நாள் என்றே எழுதுங்கள். ஒரு நாள் வித்தியாசத்தால் வலிமை மாறிவிடாது. விடுமுறை நாளில் சோதனை நடந்ததாகக் காட்டும் தேதிதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

தாமதத்தை மறைக்க எண்களைப் ‘போட்டுக்கொள்வது’ பல குழுக்கள் விழும் குழி. அதைக் கண்டுபிடிப்பது தேர்வாளருக்கு அவ்வளவு கடினமில்லை. வார்த்த தேதியோடு 28-ஐக் கூட்டினால் வரும் நாள், அறிக்கை கொடுத்த நாளைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார். பிறகு எண்களைப் பார்ப்பார். கியூபின் முகப்பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர். டயலில் 10 கிலோ நியூட்டனுக்கு ஒரு கோடு இருக்கும் இயந்திரமானால், 700-க்கு 31.11, 710-க்கு 31.56 என்று வலிமை தாவித்தான் வரும். அட்டவணையில் 31.27 என்று இருந்தால் எந்தச் சுமையை வகுத்து அது வந்தது என்று கேட்பார். மூன்று கியூப்களும் அச்சடித்தாற்போல ஒரே மதிப்பைக் காட்டினாலும், ஐந்து கலவைகளிலும் 7-ஆம் நாள் வலிமை 28-ஆம் நாள் வலிமையில் ஒரே பங்காக இருந்தாலும் நிமிர்ந்து உட்காருவார். சாம்பல் கூடக்கூட அந்தப் பங்கு குறைய வேண்டும். அதுதான் சாம்பலின் இயல்பு.

ஆகவே வைவாவுக்கு முந்தைய வாரத்தில் செய்யவேண்டிய உருப்படியான வேலை ஒன்று உண்டு. ஆய்வகப் பதிவேட்டையும் சாம்பல் வாங்கிய ரசீதையும் ரிவியூவில் காட்டிய பழைய அட்டவணையையும் எடுத்து வைத்துக்கொண்டு, நாலு பேரும் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் ஐந்து பத்தி எழுதுங்கள்: திட்டமிட்ட தேதி, நடந்த தேதி, காரணம், அப்போது எடுத்த முடிவு, அதனால் முடிவுரையில் வந்த மாற்றம். பழைய அட்டவணையை நடந்த தேதிகளுக்கு ஏற்பத் திருத்தி, எல்லாம் திட்டப்படியே நடந்ததுபோலக் காட்டாதீர்கள். முதல் ரிவியூவில் அதைப் பார்த்த கைடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இரண்டையும் ஒரே ஸ்லைடில் மேலும் கீழுமாகப் போடுங்கள்.

அந்தப் பக்கம் நாலு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தேர்வாளர் கேள்வியைக் குழுவிடம் கேட்கமாட்டார். ஓரத்தில் நிற்பவரைக் கூப்பிட்டு, “நீங்க எந்தக் கலவை போட்ட அன்னிக்கு இருந்தீங்க?” என்று கேட்பார். மதிப்பெண்ணும் அவரவர்க்குத் தனித்தனியாகத்தான் விழுகிறது.

நான்கு வாரத் தாமதத்துக்காக மட்டும் மாணவரைத் தோற்கடிக்கும் தேர்வாளர் அரிது. அந்த நான்கு வாரம் எங்கே போனது என்று சொல்லத் தெரியாதவருக்குத்தான் மதிப்பெண் குறைகிறது.