நாலு லிட்டர் டிரிப்பரில் நாலு லிட்டர் வருகிறதா?

சொட்டு நீர் போட்ட பழத்தோட்டத்தில் “தினமும் எவ்வளவு தண்ணீர் விடுகிறீர்கள்?” என்று கேட்டால், “மூணு மணி நேரம்” என்றுதான் பதில் வரும். மோட்டார் ஓடிய நேரம் அது. மரத்துக்கு எத்தனை லிட்டர் போய்ச் சேர்ந்தது என்பது வேறு கணக்கு. அதற்கு டிரிப்பர் ஒரு மணி நேரத்தில் சொட்டும் அளவு, ஒரு மரத்தடியில் இருக்கும் டிரிப்பர்கள், மோட்டார் ஓடும் மணி நேரம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளியில் மா நட்ட ஒரு ஏக்கர் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 160 மரங்கள். மரத்துக்கு நான்கு டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் வகை. மூன்று மணி நேரம் ஓடினால் மரத்துக்கு 4 × 4 × 3, அதாவது 48 லிட்டர். இது டிரிப்பரின் மேல் எழுதியிருப்பதை நம்பிப் போட்ட கணக்கு.

சாதாரண டிரிப்பர், குழாயில் குறிப்பிட்ட அழுத்தம் இருந்தால்தான் அந்த 4 லிட்டரைத் தரும். பெரும்பாலும் அது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. அழுத்தம் பாதியானால் வரத்து ஏறக்குறைய 2.8 லிட்டராகிவிடும். ஃபில்டரில் அழுக்கு சேர்ந்தாலும், லேட்டரல் குழாய் அளவுக்கு மீறி நீண்டாலும், நிலம் மேடேறினாலும் கடைசி மரங்களுக்கு அழுத்தம் குறையும். உப்புத் தண்ணீரானால் டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும்.

அளந்து பார்ப்பது எளிது. டிரிப்பருக்கு அடியில் சிறு குழி தோண்டி ஒரு டப்பாவை வைத்து, சரியாக ஆறு நிமிடம் பிடிக்க வேண்டும். ஆறு நிமிடம் என்பது மணியில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே டப்பாவில் 400 மில்லி இருந்தால் மணிக்கு 4 லிட்டர். 340 மில்லி என்றால் 3.4 லிட்டர். சப்மெயினுக்குப் பக்கத்தில் சில, நடுவில் சில, கடைக்கோடியில் சில என்று பன்னிரண்டு டிரிப்பர்களாவது பிடித்துச் சராசரி எடுக்கலாம்.

சராசரி 3.4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், மரத்துக்கு மணிக்கு 13.6 லிட்டர். மூன்று மணி நேரத்தில் சுமார் 41 லிட்டர்தான். எழுத்தில் இருந்த 48 இல்லை.

இது போதுமா? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் சரியாக ஒரு லிட்டர். கோடையில் வெயிலும் காற்றும் நாளுக்கு 6 மில்லிமீட்டர் உறிஞ்சுகின்றன, அதில் 0.8 பங்கு மாமரத்தின் தேவை என்று கொண்டால் 4.8 மில்லிமீட்டர். மரத்தின் நிழல் விட்டம் 4 மீட்டர் என்றால் பரப்பு ஏறத்தாழ 12.5 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 60 லிட்டர். அதை 13.6-ஆல் வகுத்தால் மோட்டார் சுமார் நாலரை மணி நேரம் ஓட வேண்டும் என்று தெரியும்.

கடைக்கோடி டிரிப்பர்கள் மட்டும் 2.8 லிட்டர் தந்தால், அதே நாலரை மணி நேரத்தில் அங்குள்ள மரங்களுக்கு 50 லிட்டர்தான் கிடைக்கும். இதற்காக நேரத்தைக் கூட்டினால் முன்வரிசை மரங்களுக்குத் தண்ணீர் வீணாகும். ஃபில்டரைக் கழுவி, லேட்டரலின் கடைசி மூடியைத் திறந்து கசடை வெளியேற்றி, மறுபடி அளப்பதே முறை. அதன் பிறகும் குறைந்தால், அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு சொட்டும் வகை டிரிப்பரை அந்தப் பகுதிக்கு மாற்றலாம்.

செத்த மரத்துக்குப் பதிலாக நட்ட இளங்கன்று இன்னொரு சிக்கல். அதன் நிழல் விட்டம் ஒன்றரை மீட்டர் என்றால், அதே கணக்கில் தேவை எட்டரை லிட்டர்தான். ஆனால் ஒரே குழாயில் கன்றுக்குத் தனி நேரம் வைக்க முடியாது. டிரிப்பரைத்தான் குறைக்க வேண்டும். மணிக்கு 2 லிட்டர் வகை ஒன்று மட்டும் வைத்தால், நாலரை மணி நேரத்தில் 9 லிட்டர் போகும். கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும்.

மாவுக்கு இந்த 60 லிட்டர் கோடையில் காய் பிடித்து வளரும் காலத்துக்கானது. காய்ப்புக்கு வந்த மரத்துக்குப் பூ எடுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் தண்ணீரை நிறுத்திவைப்பது வழக்கம். அப்போது பாய்ச்சினால் பூவுக்குப் பதில் கொழுந்துதான் கிளம்பும்.