மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள தூரம்

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் முன்னோர் மொழி. ஆயின் எவ்வளவு மிஞ்சினால் நஞ்சாகும் என்பதை அம்மொழி கூறவில்லை. ஒரு மருந்து இருமடங்கானாலே உயிருக்கு இடராகலாம். மற்றொன்று பலமடங்கானாலும் பெருந்தீங்கு செய்யாதிருக்கலாம். இவ்வேறுபாட்டை எண்ணாற் காட்டும் முயற்சியே சிகிச்சைச் சுட்டெண் எனப்படுவது.

மேனாட்டு மருத்துவம் பண்டத்தரிப்புக்கு 1820ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அமெரிக்க மிசன் வைத்தியரான யோன் ஸ்கடர் அவ்வாண்டில் இவ்வூரில் தம் பணியைத் தொடங்கினார். அக்கால வைத்தியருக்கு நோயாளியின் நாடி, நாக்கு, வயிறு ஆகியவையே அளவுகோல்கள். குருதியில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்பதை அளக்கும் வழி உலகில் எவரிடத்தும் இருந்திலது. மருந்தின் ஆற்றலைக் கணக்கியல் முறையில் அளக்கும் நெறி அதற்கு ஒரு நூற்றாண்டின் பின்னரே நிலைபெற்றது.

1927ஆம் ஆண்டில் திரெவன் என்னும் ஆங்கில விஞ்ஞானி ஓர் உண்மையை வலியுறுத்தினார். ஒரே அளவு மருந்து எல்லா உயிர்களையும் ஒரே வகையாகத் தாக்குவதில்லை; ஆகவே, பாதித் தொகையினரைத் தாக்கும் அளவையே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளல் வேண்டும் என்றார். இந்நெறிப்படி, நூறு பேரில் ஐம்பதின்மருக்குப் பயன் தரும் அளவு ஒன்று. ஐம்பதின்மருக்குத் தீங்கு செய்யும் அளவு மற்றொன்று. பின்னதை முன்னதால் வகுத்து வரும் ஈவே சுட்டெண். ஈவு பெரிதாயின் தூரம் அதிகம். சிறிதாயின் மருந்தும் நஞ்சும் அண்டை வீட்டார்.

நாம் நன்கறிந்த மூன்று மருந்துகளை நோக்குவோம். பெனிசிலின் ஒவ்வாமை இல்லாதவருக்கு வழக்கமான அளவிலும் பலமடங்கு கூட்டிக் கொடுக்கப்படுகிறது. அதன் தூரம் மிகப் பெரிது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பரசிற்றமோல் நடுநிலையில் நிற்பது. வளர்ந்தவர் ஒருவேளைக்கு 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை உட்கொள்வர். ஒரு நாளின் மேலெல்லை 4 கிராம். ஒருவேளை அளவை நோக்கின் தூரம் போதியதாகத் தோன்றும். ஆயின் நாள் முழுவதும் மேலெல்லையிலேயே உண்பவருக்கு எஞ்சிய இடைவெளி குறுகியது. உண்ணாது கிடப்பவருக்கும் ஈரல் நோயுற்றவருக்கும் அது மேலும் குறுகும். தடிமன் மருந்தொன்றும் காய்ச்சல் மாத்திரையும் வெவ்வேறு பெயருடன் ஒரே பரசிற்றமோலைத் தாங்கியிருத்தல் உண்டு. இரண்டையும் சேர்த்துண்பவர் தாம் எல்லை கடந்ததை அறியார். முதல் நாளில் பெரிய குறி எதுவும் தோன்றாமலே ஈரல் கெடத் தொடங்கும். மாற்று மருந்தோ முதல் எட்டு மணித்தியாலங்களுக்குள் கொடுக்கப்படின் மிகுந்த பயன் தருவது. ஆதலால் அளவு மிஞ்சியதெனத் தெரிந்தால் குறிகளுக்காகக் காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

மூன்றாவது, இருதய நோய்க்குரிய டிஜொக்சின். இதுவே குறுகிய தூரத்திற்குச் சிறந்த சான்று. இதன் மூலமாகிய டிஜிற்றாலிசுச் செடியை வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில வைத்தியர் 1785ஆம் ஆண்டில் விரிவாக ஆராய்ந்து எழுதினார். சிறுநீர், வயிறு, நாடி, குடல் ஆகியவற்றுள் எதன்மேலாயினும் மருந்தின் வேலை தெரிந்தவுடன் நிறுத்துமாறு அவர் அறிவுறுத்தினார். இருதயம் தளர்ந்தவருக்கு இக்காலத்தில் விரும்பப்படும் குருதிச் செறிவு ஒரு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 0.5 முதல் 0.9 நானோகிராம், 2ஐக் கடந்தால் நஞ்சுக் குறிகள் எதிர்பார்க்கத்தக்கவை. தூரம் ஏறத்தாழ இருமடங்கே.

இக்குறுகிய தூரம் கடக்கப்படும் விதத்தை ஒரு கணக்காற் காண்போம். நாள்தோறும் 0.25 மில்லிகிராம் உண்ணும் இருவரைக் கருதுக. உண்டது முழுவதும் உடலிற் சேர்வதாக எளிமைக்காகக் கொள்வோம். முதல்வரின் சிறுநீரகங்கள் நலமுள்ளவை. அவர் உடலில் நிற்கும் மருந்து 36 மணித்தியாலத்தில் பாதியாகிறது. அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 37 விழுக்காடு வெளியேறுகிறது. வரவும் செலவும் சமமாகும்பொழுது உடலில் நிற்பது, 0.25ஐ 0.37ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.68 மில்லிகிராம். இரண்டாமவரின் சிறுநீரகங்கள் மிகத் தளர்ந்தவை. மருந்து பாதியாக நான்கரை நாள் ஆகிறது. நாளொன்றுக்கு வெளியேறுவது 14 விழுக்காடு மட்டுமே. அவர் உடலில் சேர்வது ஏறத்தாழ 1.75 மில்லிகிராம், முதல்வரினும் இரண்டரை மடங்கிற்கு மேல். முதல்வரின் குருதிச் செறிவு 0.8 ஆயின், இரண்டாமவரின் செறிவு 2ஐத் தாண்டும். மாத்திரை ஒன்றே, அளவும் ஒன்றே.

இதில் மேலும் ஒரு சூழ்ச்சி உண்டு. முதல்வரின் உடலில் வரவுசெலவு ஏறத்தாழ ஒரு வாரத்தில் சமமாகும். இரண்டாமவருக்கோ மூன்று வாரங்கள் செல்லும். முதல் வாரத்தில் நலமாயிருந்தார் என்பது மூன்றாம் வாரத்திற்குப் பிணையன்று. பசியின்மை, குமட்டல், பொருள்கள் மஞ்சளாகத் தோன்றுதல், நாடி தாழ்தல் அல்லது ஒழுங்கிழத்தல் என்பன முதற் குறிகள். முதியோரின் பசியின்மையை முதுமைக்கே உரியதென விட்டுவிடுதல் அடிக்கடி நேரும் பிழை. குருதியைச் சோதிப்பதாயின் மாத்திரை உண்டு ஆறு மணித்தியாலமாவது சென்றபின் எடுத்தல் வேண்டும். முன்னர் எடுத்தால் செறிவு பொய்யாக உயர்ந்து காட்டும். சிறுநீர் பெருக்கும் மருந்தாற் பொட்டாசியம் குறைந்தவருக்கு, எண் எல்லைக்குள் நிற்கும்போதே நஞ்சு தோன்றலாம்.

இம்மருந்தின் இனத்தது ஒன்று நம் வேலியோரங்களிலேயே வளர்கிறது. மஞ்சள் அலரியின் எல்லாப் பகுதிகளிலும், சிறப்பாக வித்திலும், டிஜொக்சினைப் போன்று இருதயத்தைத் தாக்கும் பொருள்கள் உள்ளன. யாழ்ப்பாணத்தில் இந்நஞ்சுக்குள்ளான 170 பேரைப் பற்றிய மருத்துவ ஆய்வு 1988இல் வெளியாயிற்று. மாத்திரையில் அளவு அச்சிடப்பட்டுள்ளது. வித்திலோ மரத்துக்கு மரம், காய்க்குக் காய் அளவு வேறுபடும். எனவே எத்தனை வித்து என்னும் கேள்விக்குப் பாதுகாப்பான விடை ஒன்றில்லை. குழந்தையொன்று மென்றுவிட்டதென ஐயுற்றாலே உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். டிஜொக்சினுக்கென ஆக்கப்பட்ட எதிர்நஞ்சே அலரி நஞ்சையும் தணிக்கும் என்பதை இலங்கையில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு நிறுவியது. நஞ்சுகள் ஓரினத்தவை என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

இனிச் சுட்டெண்ணின் எல்லையையும் அறிதல் வேண்டும். அது ஐம்பதின்மரை ஐம்பதின்மரோடு ஒப்பிடுவது. ஓரத்தில் நிற்பவரைக் காட்டாது. ஒரு மருந்து 10 அலகில் பாதிப்பேருக்குப் பயனும், 40 அலகில் பாதிப்பேருக்குத் தீங்கும் செய்வதாகக் கொள்வோம். சுட்டெண் 4. ஆயினும் நூற்றில் தொண்ணூற்றைவருக்குப் பயன்பட 30 அலகு வேண்டியிருப்பின், அவ்வளவிலேயே சிலர் நஞ்சுண்டவராவர். பெனிசிலின் ஒவ்வாமையோ இக்கணக்கினுள் அடங்குவதேயன்று. ஒவ்வாதவரைச் சிறு அளவும் வீழ்த்தவல்லது. ஆகவே சுட்டெண் மருந்தின் குணத்தைக் கூறும். உண்பவரின் சிறுநீரகத்தையும் ஈரலையும் வயதையும் உடனுண்ணும் மருந்துகளையும் அது கூறாது. குறுகிய தூரமுடைய மருந்தை எழுதிக்கொடுக்கும் வைத்தியர் அவற்றை வினவுவதும், நோயாளி ஒளியாது விடை கூறுவதும் இக்காரணம் பற்றியே.