ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து

ஆங்கில ஸ்கிராபிளுக்கு 1930களில் ஆல்ஃபிரட் பட்ஸ் செய்தித்தாள்களில் எழுத்துகளை எண்ணி மதிப்பெண் வகுத்தார். ஆட்டத்துக்கு 100 வில்லைகளே போதும். தமிழிலோ 247 எழுத்துகள். எழுத்துக்கொரு வில்லை என்றால் பை கனக்கும், கைக்கு வந்தவை சொல்லாகச் சேராது.

வழி உண்டு. 18 மெய்களை அகரமேறிய வில்லைகளாகவும், புள்ளியையும் உயிர்க்குறிகளையும் மேலே பொருத்தும் மெல்லிய வில்லைகளாகவும் செய்யலாம். சொல்லின் முதலில் வர உயிரெழுத்துகளுக்குத் தனி வில்லைகள். ப, ட இரண்டுக்கும் தலா 2, குறிக்கு 1, புள்ளிக்குச் சுழியம் என வைத்தால் ‘பாட்டு’ மூன்றே கட்டங்களில் அடங்கி 3+2+3 = 8 பெறும். குறுக்கே வரும் சொல்லும் ‘பா’வை ‘பா’வாகவே எடுத்தாக வேண்டும்.

மதிப்பெண்ணை வெறும் எண்ணிக்கையால் முடிவு செய்வது அநியாயம். ள அடிக்கடி வரும், ஆனால் சொல்லைத் தொடங்காது. ங் பன்மையில் கொட்டிக் கிடக்கிறது: மரங்கள், படங்கள். விகுதி சேர்ந்த சொற்களைத் தடுத்தால் அதே ங் கையில் தேங்கும். ஆகவே விகுதி விதியை முதலில் எழுதுங்கள். அந்த விதிக்கு உட்பட்ட சொற்பட்டியலில் எண்ணி, பிறகு மதிப்பெண் போடுங்கள்.