படத்தில் இருக்கும் ஸ்டீரியோ உங்கள் காரில் உட்காருமா?

பழைய இன்னோவா வைத்திருக்கும் ஒருவர் அதன் ஸ்டீரியோவை மாற்ற நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய சாமான் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புகிறார். “டபுள் டின் செட்டுங்க சார், இன்னோவாவுக்கு அப்படியே உட்காரும்” என்கிறார். படத்தில் மேலே சிடி போடும் வாய், நடுவில் சின்னத் திரை, ஓரத்தில் வால்யூம் குமிழ். மாடல் எண் தேய்ந்து போயிருக்கிறது. பணம் அனுப்பலாமா என்பதற்குப் பாதிப் பதில் அந்தப் படத்திலேயே இருக்கிறது.

முதலில் அளவுகள். கார் ஸ்டீரியோவின் முகப்பு அளவை ஜெர்மனியின் டின் தரம்தான் முதலில் வரையறுத்தது. பிறகு அதுவே ஐஎஸ்ஓ 7736 என்ற சர்வதேசத் தரமானது. சிங்கிள் டின் என்றால் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். டபுள் டின் அதே அகலத்தில் 100 மி.மீ. உயரம். இவை போக டொயோட்டாவுக்கென்று தனியாக ஓர் அளவு உண்டு: 200-க்கு 100. முதல் தலைமுறை இன்னோவா, ஃபார்ச்சூனர் போன்ற பல டொயோட்டா கார்களின் டாஷ்போர்டில் இருப்பது இந்த அகலத் திறப்புதான். கடைப் பேச்சில் இதையும் ‘டபுள் டின்’ என்றே சொல்லிவிடுவார்கள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

சிங்கிளா டபுளா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். 180-ஆ 200-ஆ என்பதுதான் கடினம். அகலத்தை உயரத்தால் வகுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். டபுள் டின்னுக்கு 1.8 வர வேண்டும், டொயோட்டா அளவுக்கு 2. ஆனால் மேசைமேல் வைத்த செட்டைப் பெரும்பாலும் நின்றுகொண்டு மேலிருந்துதான் படமெடுப்பார்கள். அப்போது உயரம் குறுகித் தெரியும். கேமரா 25 டிகிரி சாய்ந்தாலே 100 மி.மீ. உயரம் 90 போலத் தெரியும். 180-ஐ 90-ஆல் வகுத்தால் 2. சாதாரண டபுள் டின் செட், படத்தில் டொயோட்டா செட்டாக மாறிவிடுகிறது.

இதற்குச் சரியான அளவுகோல் சிடி வாய். வழக்கமான சிடியின் விட்டம் 120 மி.மீ. அது நுழையும் வாய் அதைவிட ஓரிரு மி.மீ. மட்டுமே கூடுதலாக இருக்கும். வாயும் முகப்பின் அகலமும் ஒரே கிடைக்கோட்டில் இருப்பதால், கேமரா மேலிருந்து சாய்ந்திருந்தாலும் இரண்டும் ஒரே விகிதத்தில்தான் மாறும். ஆகவே வாய் இருக்கும் அதே மட்டத்தில் முகப்பின் அகலத்தை அளக்க வேண்டும். கேமரா இடமோ வலமோ திரும்பியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு தப்பும். அப்படிப்பட்ட படத்தை ஒதுக்கிவிட்டு நேர்ப்படம் கேளுங்கள்.

நம் படத்துக்கு வருவோம். படத்தைத் திரையில் பெரிதாக்கி ஸ்கேலை வைத்து அளந்தால் சிடி வாய் 54 மி.மீ., முகப்பின் அகலம் 81, உயரம் 41 என்று வருகிறது. 81-ஐ 41-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2. கடைக்காரர் சொன்னது சரி போலத் தெரிகிறது. ஆனால் 81-ஐ 54-ஆல் வகுத்தால் 1.5. சிடி வாய் 120 என்றால் முகப்பு 180. இதுவே டொயோட்டா அளவாக இருந்தால் அகலம் 90 வந்திருக்க வேண்டும். ஒன்பது மி.மீ. வித்தியாசம், கைப்பிழை என்று தள்ளிவிட முடியாத அளவு. ஆக, இது சாதாரண டபுள் டின் செட்.

சிடி வாய் இல்லாத செட்டாக இருந்தால் முகப்பை ஒட்டி ஓர் ஏடிஎம் கார்டைப் படுக்கையாக வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். கார்டின் நீளம் 85.6 மி.மீ. முகப்பு கார்டைப் போல 2.1 மடங்கு என்றால் 180, 2.3 மடங்குக்கு மேல் என்றால் 200. யுஎஸ்பி துளையை வைத்து அளக்க வேண்டாம். அது மிகச் சிறியது; அளப்பதில் அரை மி.மீ. தவறினாலும் விடை மாறிவிடும். ஒன்பது அங்குலத் திரை முன்னால் துருத்தி நிற்கும் ஆண்ட்ராய்டு செட்டுகளுக்கு இந்த வழி எதுவுமே உதவாது. முகப்பு ஓர் அளவு, பின்னால் இருக்கும் உடம்பு வேறோர் அளவு.

மாடல் எண் தெரிந்தால் வேலை இன்னும் எளிது. ஜப்பானியச் சந்தைக்காகச் செய்த பானசோனிக் ஸ்ட்ராடா செட்டுகளில் CN-R300D என்பது 180 அகலம், CN-R300WD என்பது 200. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஜப்பானிலிருந்து பழைய கார்கள் அதிகம் இறங்கும் இலங்கையில் இத்தகைய செட்டுகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜப்பானின் எஃப்எம் அலைவரிசை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி நெடுங்காலம் 90-இல் முடிந்தது; பின்னர் 95 வரை நீண்டது. நம் பக்கம் 108 வரை நிலையங்கள் உண்டு. அளவு கச்சிதமாகப் பொருந்திய செட்டில் பாதி வானொலி கேட்காமல் போகும்.

180 செட்டை 200 திறப்பில் பொருத்தவே முடியாதா? முடியும். இரு பக்கமும் 10 மி.மீ. வீதம் இடைவெளி விழும். அதை அடைக்கும் பக்கப் பட்டிகள் ஆக்சஸரீஸ் கடைகளில் கிடைக்கும். பழைய செட்டின் இரு பக்கமும் இருக்கும் இரும்புத் தகடுகளைக் கழற்றிப் புதிய செட்டில் மாட்ட வேண்டும். அதற்கு 8 மி.மீ. நீளத்துக்கு மேற்பட்ட திருகைப் போடாதீர்கள். உள்ளே சிடி பொறியிலோ சர்க்யூட் பலகையிலோ முட்டும். எதிர்த்திசையில்தான் வழி கிடையாது. 200 செட்டை 180 திறப்பில் நுழைக்க டாஷ்போர்டை அறுப்பவர்கள் உண்டு. அறுத்த பிளாஸ்டிக் மறுபடி இறுகாது. குண்டும் குழியுமான ரோட்டில் தடதடவென்று ஆடும்.

முன்பக்கப் படம் சொல்லாதவை இரண்டு: ஆழமும் வயரிங்கும். சிடி உள்ள செட் ஏறக்குறைய 160 மி.மீ. ஆழம் இருக்கும்; பின்னால் சாக்கெட்டும் வயரும் மடங்கி நிற்க இன்னும் இடம் வேண்டும். ஆகவே பக்கவாட்டுப் படமும் பின்பக்கப் படமும் கேட்டு வாங்குங்கள். டொயோட்டாவில் வழக்கமாக இரண்டு சாக்கெட்டுகள் வரும். ஒன்று 10 பின், மற்றது 6 பின். புதிய செட்டுக்கும் இவற்றுக்கும் நடுவே பொருத்தும் அடாப்டர் வயர் விலை குறைவு. அதை வாங்கினால் கார் வயரை வெட்டவே வேண்டாம்.

வெளிச்சந்தை செட்டுகளில் மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும், சிவப்புக்குச் சாவியைத் திருப்பினால் மட்டும், கறுப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் செட் பாடும், ஆனால் ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் கடிகாரமும் நிலையங்களும் அழிந்துபோகும். ஸ்பீக்கரின் மைனஸ் வயரைக் காரின் பாடியில் மட்டும் தொடவிடாதீர்கள். ஆம்ப்ளிஃபையர் ஐசி எரிந்துவிடும்.

எல்லாவற்றையும் இணைத்தபின், செட்டைத் திறப்புக்கு வெளியிலேயே வைத்து நான்கு ஸ்பீக்கரையும் எஃப்எம்மையும் கேட்டுப் பாருங்கள். ஒரு முறை சாவியை அணைத்துத் திரும்பப் போடுங்கள். கடிகாரம் சரியாக ஓடினால் உள்ளே தள்ளித் திருகை இறுக்கலாம்.