நாற்பது விநாடியில் ஒரு மருந்துப் பை

கும்பகோணத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் தன் சேவைக்கு ஒரு வானொலி விளம்பரம் எழுதித் தரச் சொன்னார். நேரம் நாற்பது விநாடி. கேட்பவர்கள் இரண்டு தரப்பு. தினமும் நாலைந்து மாத்திரை விழுங்கும் பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். மாதக் கடைசியில் அதற்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள்.

ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன். அலுவலகத்தில் மகன் கூட்டத்தில் இருக்கிறான், ஊரில் அம்மா இருமுகிறாள், பின்னணியில் வயலின் அழுகிறது, கதவு தட்டப்படுகிறது, பையோடு ஒரு தம்பி நிற்கிறான்: “நானும் உங்க பிள்ளைதாம்மா.” எனக்கே கண் கலங்கியது. நண்பர் அதைத் தன் கடைக்கு வரும் ஒரு பாட்டியிடம் படித்துக் காட்டினார். முழுவதும் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “நான் எதுக்கு இருமணும்? எனக்கு இருக்கிறது பிரஷர்.”

பிள்ளையின் குற்ற உணர்ச்சியைத் தொட்டால் பெற்றவருக்கு அவமானம். பணம் பிள்ளையிடமிருந்து வரலாம்; போன் செய்வதும் பையை வாங்குவதும் பெரியவர்தான். அவரைக் கேவலப்படுத்தும் விளம்பரத்தைக் கேட்டு அவர் எந்த எண்ணையும் குறித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த நாள் கடையில் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்கு மருந்து அனுப்புவதில் எங்கே தப்பு நடக்கிறது என்று கேட்டேன். வண்டி தாமதம், ஆள் பற்றாக்குறை என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். கடையின் மருந்தாளுநர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஒரு பெரியவர் காலையில் ஒரு பிரஷர் மாத்திரை, காலையும் ராத்திரியும் ஒவ்வொரு சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். “எல்லாத்துலயும் ரெண்டு அட்டை அனுப்புங்க” என்று மகள் போனில் சொல்கிறாள். பிரஷர் மாத்திரை அட்டைக்கு 15. இரண்டு அட்டை முப்பது நாள் வரும். சுகர் மாத்திரை அட்டைக்கு 10; நாளுக்கு இரண்டு வீதம் பத்தாம் நாள் ராத்திரியோடு தீர்ந்துவிடும். பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், பெரியவர் “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடுவார். மகளுக்குத் தெரியாது, போன வாரம்தானே அனுப்பினோம் என்று இருப்பாள். அதனால்தான் அட்டைக் கணக்கில் கேட்காமல் நாள் கணக்கில் கேட்க வேண்டும் என்றார்.

இரண்டாவது தொல்லை, பழைய சீட்டு. வாட்ஸ்அப்பில் வரும் படம் பெரும்பாலும் போனில் எப்போதோ எடுத்துவைத்தது. டாக்டர் போன மாதம் அளவைக் குறைத்திருப்பார். மகளின் போனில் இருப்பது அதற்கு முந்தையது. சுகர் மாத்திரையில் இது விளையாட்டில்லை. அளவு கூடினால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, பெரியவர் மயங்கி விழலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, மின்னஞ்சலில் சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டில் மருந்து கொடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. நாட்பட்ட நோய்க்கான சீட்டு என்றாலும் எழுதி 30 நாளுக்குள் இருக்க வேண்டும் என்றது அது. தூக்க மாத்திரைகள் பலவற்றை அப்போதும் அதில் சேர்க்கவில்லை.

என் இரண்டாவது படியில் அப்பா இப்படிச் சொல்வார்: “அட்டை நிறம் மாறியிருந்துச்சு, கேட்டேன், அதே மருந்துதான், கம்பெனி வேறன்னாங்க.” எனக்கு மிகவும் பிடித்த வரி. மருந்தாளுநர் அதைப் பேனாவால் அடித்தார். டாக்டர் சீட்டு வேண்டிய மருந்துகளில், எழுதியிருக்கும் பிராண்டுக்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தன்னிஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. உள்ளே இருப்பது அதே மருந்தானாலும் சரி. டாக்டரிடம் கேட்காமல் மாற்றியதை நம் விளம்பரமே பெருமையாகச் சொல்கிறதே என்றார். பெரியவர்களுக்கு மாத்திரையின் அடையாளமே நிறமும் அட்டையும்தான். புது நிறத்தில் வந்தால் அது வேறு மருந்து என்று நினைத்துப் பழையதையும் சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு.

இன்னொரு வரியும் போனது: “சுகர், பிரஷர் கவலை இனி இல்லை.” 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபத்துக்குரிய மருந்து விளம்பரங்கள் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. இந்த நோய்களை ஒரு மருந்து தீர்க்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. நான் மருந்தின் பெயர் எதையும் சொல்லவில்லையே என்று வாதாடிப் பார்த்தேன். கொண்டுபோய்க் கொடுக்கிறவன் கவலை தீர்ப்பேன் என்று ஏன் சொல்ல வேண்டும் என்றார் நண்பர். அவருக்கு ஆசையாக இருந்த “அரை மணியில் மருந்து” என்ற வரியை அதற்குப் பதிலாக நான் வெட்டினேன். சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் பொறுப்பு. அவர் தலையில் கடிகாரத்தைக் கட்டினால் சீட்டை ஒழுங்காகப் படிக்க மாட்டார்.

மிச்சமிருந்தது நேரக் கணக்கு. பத்து இலக்க எண்ணை அவசரப்படாமல், ஐந்து ஐந்தாகப் பிரித்து இரண்டு முறை சொல்ல, கடையின் பெயரோடு சேர்த்து பதினாலு விநாடி போய்விடுகிறது. வயதானால் முதலில் மங்குவது கூர்மையான ஒலிகள். பின்னணியில் இசை ஓடினால் ‘ச’வும் ‘த’வும் கரைந்துவிடும். அதனால் வயலினை அனுப்பிவிட்டோம். பேச்சுக்கு மிஞ்சியது இருபத்தாறு விநாடி. நிதானமாகப் பேசினால் நாற்பது சொல் சொச்சம். கடைசியில் ஒலிபரப்பானது இதுதான்:

மகள்: அப்பா, மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு?

அப்பா: அஞ்சு நாளைக்கு இருக்கும்மா. கடைக்கு இப்பவே சொல்லிட்டேன்.

மகள்: டாக்டர் போன வாரம் எழுதின சீட்டைத்தானே அனுப்புனீங்க?

அப்பா: அதைத்தான். பை வந்ததும் அட்டையையும் சீட்டையும் ஒத்துப் பார்ப்பேன். ஒண்ணு மாறியிருந்தாலும் வாங்க மாட்டேன்.

மகள்: பணம்?

அப்பா: அது உன் வேலை.

அறிவிப்பாளர்: டாக்டர் சீட்டை அனுப்புங்க. மருந்து வீட்டுக்கு வரும்.

(கடையின் பெயர், எண். இரண்டு முறை.)

“அது உன் வேலை” என்ற இடத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக நான் எழுதவில்லை. பணத்தைத் தவிர மற்றதெல்லாம் அப்பாவின் கையில் இருக்கிறது என்று காட்டத்தான் எழுதினேன்.

இன்சுலினுக்கு நாற்பது விநாடியில் இடம் கிடைக்கவில்லை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். உறைந்துபோனால் அதை எறிந்துவிட வேண்டியதுதான். வெயில் நேரத்தில் ஸ்கூட்டர் பெட்டியில் மற்ற மருந்தோடு போட்டாலும் கெடும், ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்தாலும் கெடும். அதை ஒரு துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் அச்சடித்துப் பையோடு அனுப்புகிறார்கள்: “இன்சுலின் இருக்கு. வாங்கின உடனே ஃப்ரிட்ஜில் வைங்க, ஃப்ரீசரில் வேண்டாம். பை சூடா இருந்தா வாங்காதீங்க, கடைக்கு போன் பண்ணுங்க.”