நைரோபி பையருக்கு ஓர் அழைப்புக் கடிதம்

நைரோபியில் இருக்கும் ஒரு மொத்த வியாபாரிக்குத் திருப்பூர் டி-ஷர்ட் சாம்பிள் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விலையும் ஏறக்குறைய ஒத்துவந்துவிட்டது. ஆர்டர் போடுவதற்கு முன் ஒருமுறை ஃபேக்டரியை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். "அவருக்கு ஒரு இன்விடேசன் லெட்டர் அடிச்சு அனுப்பிருங்க தம்பி" என்று மெர்ச்சண்டைசரிடம் சொல்லிவிட்டு முதலாளி டையிங் பக்கம் கிளம்பிவிடுவார். தம்பி பழைய கடிதம் ஒன்றைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, சீல் குத்தி, ஸ்கேன் எடுத்து அனுப்பிவிடுவார். பத்து நிமிட வேலை. பின்னால் வரும் சிக்கல்களில் பல அந்தப் பத்து நிமிடத்தில் பிறந்தவை.

அந்தக் கடிதம் பையருக்கு எழுதப்படுவதுபோல் தோன்றினாலும், அவருக்கு அதில் புதிய சேதி எதுவும் இல்லை. வரச்சொல்லி வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. அதைப் படிக்கப்போகிறவர் விசா அதிகாரி. பையரையும் தெரியாது, ஃபேக்டரியையும் தெரியாது. அவர் கையில் இரண்டு இருக்கின்றன: பையர் நிரப்பிய விண்ணப்பம், நாம் அனுப்பிய கடிதம். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்பதுதான் அவர் பார்வை. ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, பையரின் பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்குவது. மின்னஞ்சலில் ஒற்றைப் பெயரில் கையெழுத்துப் போடுகிறவருக்குப் பாஸ்போர்ட்டில் மூன்று பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் எந்த வரிசையில், எந்த எழுத்துகளில் இருக்கிறதோ அப்படியே கடிதத்திலும் இருக்க வேண்டும்.

கென்யா, இந்தியாவின் இ-விசா பட்டியலில் உள்ள நாடு. அதனால் நம் பையர் தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. indianvisaonline.gov.in என்ற அரசுத் தளத்தில், பயணத்துக்குக் குறைந்தது 4 நாள் முன்பாக விண்ணப்பித்தால் போதும். ஆனால் அங்கே அவர் தேர்ந்தெடுக்க வேண்டியது பிசினஸ் விசா. 'சும்மா ஃபேக்டரியைத்தானே பார்க்கிறோம்' என்று டூரிஸ்ட் விசாவில் வருகிறவர்கள் உண்டு. அது தவறு. ஆர்டர் பேசவும் தரம் பார்க்கவும் வருகிறவர் சுற்றுலாப் பயணி இல்லை. பிசினஸ் வகையைத் தேர்ந்தெடுத்தால் பாஸ்போர்ட் நகல், புகைப்படம் ஆகியவற்றோடு பையரின் விசிட்டிங் கார்டையும் இந்திய நிறுவனத்தின் கடிதத்தையும் தளம் கேட்கும். ஏற்றும் பி.டி.எஃப். 300 கே.பி.க்குள் அடங்க வேண்டும். வண்ண லெட்டர்ஹெட்டில் ஐந்து பக்கம் எழுதி ஸ்கேன் எடுத்தால் அந்த அளவுக்குள் வராது. அழுத்திச் சுருக்கினால் எழுத்து மங்கிவிடும். ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்குமேல் போகும் கடிதத்தில் நிறுவனத்தின் பெருமைதான் கூடுதலாக இருக்கும், அதை யாரும் கேட்கவில்லை.

கடிதத்தின் உயிர், வருகிறவர் இங்கே என்ன செய்யப்போகிறார் என்று சொல்லும் வாக்கியம். உள்துறை அமைச்சகத்தின் பிசினஸ் விசா விதிகளில் பையர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது: இந்தியாவிலிருந்து வாங்கும் சரக்கின் தரத்தைப் பார்க்க, கண்காணிக்க, எப்படி வேண்டும் என்ற விவரம் கொடுக்க, ஆர்டர் போட, அடுத்த சப்ளைக்குப் பேச வருகிறவர்கள். நம் வாக்கியம் அதற்குள் அடங்க வேண்டும். 'எங்கள் தையல் பிரிவில் ஒரு மாதம் இருந்து உற்பத்தியை மேற்பார்வையிடுவார்', 'எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி தருவார்' என்று பெருமைக்காக எழுதிவைத்தால், அது வேலை பார்க்க வருவதுபோல் ஒலிக்கும். வேலைக்கு வேறு விசா. உண்மையில் அவர் செய்யப்போவது பீஸை எடுத்துப் பார்த்து 'காலர் சரியில்லை' என்று சொல்வதுதான் என்றால், அதையே எழுதலாமே.

அடுத்தது பயணத் திட்டம். திருப்பூருக்கென்று இதில் ஒரு தனிச் சங்கதி உண்டு. இங்கே ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. நிட்டிங் ஓரிடம், டையிங் இன்னோரிடம், காம்பாக்டிங் வேறிடம், பிரிண்டிங் மற்றோரிடம் என்று ஜாப் ஒர்க்கில் துணி ஊரைச் சுற்றிவிட்டுத்தான் கட்டிங்குக்கு வரும். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, கழிவுநீரை என்ன செய்கிறீர்கள் என்று கேட்காத வெளிநாட்டு பையர் அரிது. டையிங்கையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் பார்க்க அவர் கட்டாயம் விரும்புவார். அவை நம் நிறுவனம் இல்லை. அவர்களிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, அந்த முகவரிகளையும் கடிதத்தில் சேர்க்க வேண்டும். ஒரே முகவரியைப் போட்டு 'நான்கு நாள் ஃபேக்டரி விசிட்' என்று எழுதினால், நான்கு நாள் அங்கே என்ன பார்ப்பார் என்ற கேள்வி எவருக்கும் வரும்.

நம் பையரின் திட்டத்தைப் போட்டுப் பார்ப்போம். ஷார்ஜா வழியாகச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கோவையில் இறங்குகிறார். இ-விசாவில் நுழைய அனுமதி உள்ள விமான நிலையங்களில் கோவையும் ஒன்று. அன்று ஓய்வு, பிற்பகல் அலுவலகத்தில் சாம்பிள் பார்ப்பது. புதன் நிட்டிங், டையிங். வியாழன் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். வெள்ளி விலை, டெலிவரி தேதி, பேமென்ட் பேச்சு. சனி விடியலில் திரும்பும் விமானம். சனிக்கிழமை சம்பள நாள், ஞாயிறு விடுமுறை என்பதால் வாரக் கடைசியைத் தவிர்த்திருக்கிறோம். தீபாவளி, பொங்கலையொட்டி யாரையும் அழைக்க வேண்டாம். ஆட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், ஓடாத மெஷின்களைத்தான் காட்ட முடியும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. செவ்வாய் காலை நான்கு மணிக்கு இறங்குகிறவருக்கு அறை அப்போதே வேண்டுமென்றால், ஹோட்டலில் திங்கள் இரவிலிருந்தே பதிவு செய்ய வேண்டும். அதுபோல் வெள்ளி நள்ளிரவு வரை அறை தேவை. ஆக, கடிதத்தில் நான்கு நாள், ஹோட்டல் ரசீதில் ஐந்து இரவு. இதற்கு ஒரு வரி விளக்கம் எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை. எழுதாவிட்டால் இரண்டு காகிதமும் முரண்படுவதுபோல் தெரியும்.

கென்யாவுக்கென்று இன்னொன்று: அது மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. தடுப்பூசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். நான்கு நாள் பயணம் அங்கேயே முடிந்துவிடும். எனவே விசாவுக்கு 4 நாள் போதும் என்றாலும், தேதி குறிக்கும்போது ஊசிக்கான நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி செலவு. யார் எதைத் தருகிறார்கள் என்பது தெளிவாக இல்லாத கடிதம் பாதிக் கடிதம். பலர் 'எல்லாச் செலவும் எங்களுடையது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விமானக் கட்டணமும் அதில் சேர்த்தியா? பையர் சேர்த்தி என்று நினைப்பார், முதலாளி இல்லை என்று நினைப்பார். நம் கணக்கு இப்படி இருக்கலாம். ஹோட்டல் ஐந்து இரவுக்கு இரவு 4,500 ரூபாய் வீதம் 22,500. விமான நிலையத்துக்குப் போக, வர கார் 5,000. உள்ளூரில் நான்கு நாள் கார் 12,000. சாப்பாடு 6,000. மொத்தம் 45,500 ரூபாய், இது அழைக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. விமான டிக்கெட், விசா கட்டணம், பயணக் காப்பீடு, தடுப்பூசி ஆகியவை பையரின் பொறுப்பு. தொகையை ரூபாய் கணக்காகக் கடிதத்தில் விரித்து எழுதத் தேவையில்லை, தலைப்பும் பொறுப்பும் மொத்தத் தொகையும் போதும். விரிவான கணக்கைப் பையருக்குத் தனியாக மின்னஞ்சலில் அனுப்பி, சம்மதம் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: 'நாங்கள் ஹோட்டல் செலவு கொடுத்தால் உங்கள் நிறுவனத்தில் ஒத்துக்கொள்வார்களா?' பெரிய பிராண்டுகள் பலவும் சப்ளையரிடம் தம் ஆட்கள் உபசாரம் பெறுவதைத் தடுக்கின்றன. ஆடிட்டுக்கு வருகிறவர் என்றால் இன்னும் கண்டிப்பு. நாம் விருந்தோம்பல் என்று செய்வது அவருக்கு வேலைக்கு உலைவைத்துவிடலாம். அப்படியானால், எல்லாச் செலவும் பையரின் நிறுவனத்துடையது என்றே எழுத வேண்டும்.

எல்லாம் சேர்ந்து கடிதத்தின் நடுப்பகுதி, தமிழில் சொன்னால், இவ்வளவுதான்:

"இந்தப் பாஸ்போர்ட் எண் கொண்ட இவர், இன்ன நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர். எங்களிடம் பருத்திப் பின்னலாடை வாங்குவது குறித்துப் பேசிவருகிறார். எங்கள் தையல் பிரிவையும், கீழே முகவரி தந்துள்ள நிட்டிங், டையிங் நிறுவனங்களையும் பார்வையிட்டுத் தரம், விலை, ஆர்டர் குறித்துப் பேச இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை அழைக்கிறோம். இந்தியாவில் தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் பயணச் செலவு எங்களுடையது, சுமார் 45,500 ரூபாய். மற்றவை அவருடையவை."

மேலே லெட்டர்ஹெட், ஜி.எஸ்.டி. எண், ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண். கீழே கையெழுத்துப் போடுகிறவரின் பெயர், பதவி, கைபேசி எண். அந்தக் கைபேசியை விடியற்காலை நான்கு மணிக்கும் எடுப்பவராக இருக்க வேண்டும். 'யாரைப் பார்க்க வந்தீர்கள்' என்று குடியேற்ற கவுன்ட்டரில் கேட்டுவிட்டு, அந்த எண்ணுக்கே கூப்பிடக்கூடும். அலுவலக லேண்ட்லைன் மட்டும் கொடுத்தால் அப்போது வாட்ச்மேன்தான் எடுப்பார்.

இ-விசா இல்லாத நாட்டுக்காரர் என்றால் கடிதம் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் பெயருக்குப் போகும். தங்கும் காலச் செலவுக்கு உறுதிமொழி, நிறுவனப் பதிவுச் சான்றின் நகல் ஆகியவையும் கேட்பார்கள். உறுதிமொழியைச் செலவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'இவர் குறித்த நாளில் நாடு திரும்புவார் என உத்தரவாதம் அளிக்கிறோம்' என்று சிலர் தாமாகவே சேர்க்கிறார்கள். இன்னொரு மனிதரின் காலுக்கு நாம் எப்படி உத்தரவாதம் தர முடியும்?

இந்தக் கடிதத்துக்காகவே பையர் வேஷம் போடுகிறவர்களும் உண்டு. அடையாளம் கண்டுகொள்வது கஷ்டமில்லை. துணியின் ஜி.எஸ்.எம். கேட்க மாட்டார், சைஸ் சார்ட் அனுப்ப மாட்டார், விலையில் பேரம் பேச மாட்டார். முதல் மின்னஞ்சலிலேயே பெரிய ஆர்டர், இரண்டாவதில் நான்கு பேருக்குக் கடிதம், அதுவும் நாளைக்கே. பேரம் பேசாத பையரை எந்தத் திருப்பூர்க்காரரும் சந்தேகப்படத்தான் வேண்டும். வீடியோவில் பேசுங்கள், அவர் நிறுவனத்தின் பதிவு விவரம் கேளுங்கள், சாம்பிளுக்கும் கூரியருக்கும் காசு கேளுங்கள். உண்மையான வியாபாரி கொடுத்துவிடுவார். வந்தவர் காணாமல் போனால் போலீஸ் விசாரிக்கத் தொடங்குவது கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரிடமிருந்துதான்.

வந்து இறங்கியதோடு வேலை முடிவதில்லை. வெளிநாட்டவர் தங்கும் இடத்தைச் சேர்ந்தவர்கள், சி படிவம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் விவரப் படிவத்தை அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் குடியேற்றத் துறைக்கு அனுப்ப வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அது ஹோட்டல்காரர் வேலை. ஹோட்டல் செலவை மிச்சம் பிடிக்க ஃபேக்டரி கெஸ்ட் ஹவுஸில் தங்கவைத்தால், அந்த வேலை ஃபேக்டரியுடையது. வாடகை வாங்கவில்லை என்பதால் அதிலிருந்து விலக்குக் கிடையாது.