சூட்டுக்கு அசையாத நஞ்சு

திண்டுக்கல்லில் ஒரு காதுகுத்து விருந்து என்று வைத்துக்கொள்வோம். சீரகச் சம்பா பிரியாணி மிஞ்சிவிட்டது. இரவு 9 மணிக்கு மூடி போட்ட தேக்சா அப்படியே அடுக்களையில் இருக்கிறது. காலை 8 மணிக்கு ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுகிறார்கள். 10 மணிக்குள் ஒருவர் மாற்றி ஒருவர் வாந்தி எடுக்கிறார்கள். கெட்ட வாடை இல்லை, நூல் விடவில்லை, ருசியும் மாறவில்லை. பழி பெரும்பாலும் கறியின் மேல்தான் விழும். ஆனால் காரணம் சோறாகவே இருக்கலாம்.

மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா நெல்லோடு அரிசிக்கும் வந்துவிடுகிறது. அது தடித்த ஓடுள்ள வித்தாக உறங்கும்போது உலைக் கொதியிலும் தம் சூட்டிலும் பிழைத்துக்கொள்ளும். சோறு ஆறி வெதுவெதுப்புக்கு வந்ததும் வித்துகள் முளைத்துப் பெருகுகின்றன. சமவெளியின் சித்திரை வெக்கையில் இரவிலும் அதற்குத் தோதான சூடுதான். அதிலும் பெரிய தேக்சாவில் மேல்சோறு ஆறினாலும் நடுச்சோறு பல மணி நேரம் இளஞ்சூடாகவே இருக்கும்.

பெருகும்போது சில வகைகள் செரியுலைடு என்ற நஞ்சைச் சோற்றிலேயே விட்டுவைக்கின்றன. காலையில் சூடாக்கும்போது பாக்டீரியா சாகும், நஞ்சு சாகாது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அது தாங்கும். இரைப்பை அமிலமும் அதை அழிப்பதில்லை. வயிற்றிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பை அது தூண்டியதும் குமட்டல் எழுகிறது. கிருமி உடலுக்குள் பெருக வேண்டிய தேவையே இல்லை என்பதால்தான் அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடுகிறது. காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது.

1970களில் பிரிட்டனின் சீன உணவகங்களில் இதுதான் நடந்தது. குளிரில் வைத்தால் சோறு கட்டிப்படும் என்று வடித்த சோற்றை வெளியிலேயே வைத்து, மறுநாள் சட்டியில் லேசாகப் புரட்டிக் கொடுத்தார்கள்.

பழைய சோறு மட்டும் எப்படித் தப்பிக்கிறது? நீர் ஊற்றியதும் சோறு சீக்கிரம் ஆறுகிறது. பிறகு லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்க, அந்தப் புளிப்பில் சீரியஸ் வளர முடிவதில்லை. ஆனால் புளிப்பு ஏறச் சில மணி நேரமாகும். இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடந்த சோற்றில் நள்ளிரவில் நீர் ஊற்றினால், அதற்குள் உண்டான நஞ்சைப் புளிப்பு அகற்றாது.

மிஞ்சியதை அகலத் தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். வாந்தி வந்தவருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறு மடக்குகளாகக் கொடுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையால் பயனில்லை. பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். குழந்தை சிறுநீர் கழிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, கண் மஞ்சளானாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். அரிதாக இந்த நஞ்சு கல்லீரலையும் தாக்கும்.